தொட்டியை அளக்குமுன் வாளியை அளக்க வேண்டும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் நெல்லும் இருப்பதால், அங்குள்ள கிராமத்து வீட்டின் அடுக்களைக் கழிவில் அரிசிதான் முன்னால் நிற்கும். வடித்த கஞ்சி, கழுநீர், மிஞ்சிய சோறு, புளித்துப்போன இட்லி மாவு, பிறகுதான் காய்கறித் தோல். இதையெல்லாம் ஒரு தொட்டியில் போட்டு மூடினால் அடுப்பெரிக்க வாயு கிடைக்கும் என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. அதனால் பயோகேஸ் வைக்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் தொட்டி வாங்கலாம்?" என்பதைத்தான். ஆயிரம் லிட்டர் என்று கடைக்காரரிடமிருந்து பதில் வரும், கறுப்புத் தொட்டியும் வரும், ஆறு மாதத்தில் அது மழைநீர் பிடிக்கும் பாத்திரமாகிவிடும். தொட்டியில் குறை இருந்திருக்காது, கேள்விதான் தலைகீழ். வாயுவைத் தருவது தொட்டி அல்ல, அதற்குள் போகும் தீனி. அந்தத் தீனியிலும் தண்ணீரைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் வாயுவாகிறது. வீட்டுக் கலனின் அளவு, பயன், பாதுகாப்பு எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பதற்குப் புகழ்பெற்ற ஓர் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். புனேயில் இருக்கும் ஆர்ட்டி என்ற ஊரகத் தொழில்நுட்ப நிறுவனம், தாவரவியலாளர் ஆனந்த் கார்வேயின் முயற்சியில், சாணத்துக்குப் பதிலாக மாவுப்பொருளில் ஓடும் சிறிய பயோகேஸ் கலனை உருவாக்கியது. 2006இல் அதற்கு லண்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது. இரண்டு கிலோ மாவுப்பொருளிலிருந்து ஏறத்தாழ 500 கிராம் மீத்தேன் கிடைக்கும் என்பது அந்தக் கலனைப் பற்றிப் பரவிய எண். வேதியியலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உலர்ந்த மாவுச்சத்து முழுவதும் சிதைந்தால் அதிகபட்சம் 300 கிராமுக்குச் சற்றுக் குறைவாக மீத்தேன் வரும். இரண்டு கிலோவுக்கு 600 கிராம் உச்சவரம்பு என்றால், 500 நம்பக்கூடியதே. ஆனால் இது உலர்ந்த மாவின் கணக்கு. சமைத்த சோற்றில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். அந்த இரண்டு கிலோ மாவுக்கு ஈடாக வேண்டுமானால் ஆறேழு கிலோ சோற்றைக் கொட்ட வேண்டும். பூசணித் தோல், வெண்டைக் காம்பு, கீரைத் தண்டு என்றால் இன்னும் மோசம், அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். "இரண்டு கிலோ மாவு" என்பது காதுக்குக் காது போகும்போது "இரண்டு கிலோ சமையல் கழிவு" ஆகிவிட்டது. வீடுகளில் ஏமாற்றம் பிறக்கும் இடம் இதுவே.

ஆகவே முதல் கருவி ஒரு வாளியும் சமையலறைத் தராசும். ஏழு நாள், வெள்ளியையும் ஞாயிறையும் விடாமல், கழிவை மூன்றாகப் பிரித்து நிறுக்க வேண்டும்: சோறு, பலகாரம் ஒன்று, காய்கறி, பழத்தோல் இன்னொன்று, கஞ்சி தனியாக. பிறகு ஒவ்வொன்றிலும் நூறு கிராம் எடுத்துத் தட்டில் பரப்பி, எடை இனிக் குறையவில்லை என்னும் வரை வெயிலில் காயவைத்தால் உலர் எடை தெரிந்துவிடும். ஐந்து பேர் வீடொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாளொன்றுக்குச் சோறும் பலகாரமுமாக அரைக் கிலோ. காய்ந்தால் 150 கிராம். காய்கறிக் கழிவு 700 கிராம். காய்ந்தால் 80 கிராம். வடிகஞ்சி ஒன்றரை லிட்டர். அதில் திடப்பொருள் 45 கிராம். வாளியில் கிட்டத்தட்ட மூன்று கிலோ கனக்கிறது, ஆனால் உலர் எடை 275 கிராம்தான். அதில் உப்பும் சாம்பலும் கழிந்தால், நுண்ணுயிர்கள் தின்னக்கூடியது ஏறக்குறைய கால் கிலோ.

அந்தக் கால் கிலோ என்ன தரும்? நன்றாக ஓடும் சிறு கலனில் ஒரு கிலோ உலர்ந்த கரிமப்பொருளுக்கு 600 லிட்டர் வாயு வரும் என்று வைத்தால், நம் வீட்டுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர். அதில் பாதிக்குச் சற்று மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. சாதாரண அடுப்பின் திறனைக் கணக்கில் எடுத்தால் இது நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். காலைக் காப்பிக்கும் பாலுக்கும் இட்லிக்கொப்பரையில் ஓர் ஈட்டுக்கும் சரியாக இருக்கும், மதியச் சமையலுக்குப் போதாது. சிலிண்டர் கணக்கில் சொன்னால் மாதத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ எல்பிஜி, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்த எட்டு மாதம் ஆகும். பயோகேஸ் வைத்தால் சிலிண்டரே வேண்டாம் என்று ஐந்து பேர் வீட்டுக்கு யாராவது சொன்னால், அவர் வாளியைத் தூக்கிப் பார்க்கவில்லை என்று பொருள். அரசின் குடும்ப அளவிலான பயோகேஸ் திட்டத்தில் மிகச் சிறிய கலன்கூட நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் வாயு தருவது. அது 25 கிலோ சாணத்தை மனத்தில் வைத்துப் போட்ட அளவு. நம் அடுக்களை தருவது அதில் ஏழில் ஒரு பங்கு.

இப்போதுதான் தொட்டிக்கு வரலாம். தொட்டியின் கொள்ளளவை இரண்டு வரம்புகள் முடிவு செய்கின்றன. ஒன்று, தீனியின் கனம். கலக்கி இல்லாத வீட்டுத் தொட்டி, ஆயிரம் லிட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உலர் கரிமப்பொருளைத் தொந்தரவில்லாமல் தாங்கும். நம் கால் கிலோவுக்கு 250 லிட்டர் போதும். இன்னொன்று, காலம். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. அவை பெருகும் வேகத்தைவிட வேகமாகத் தொட்டி கழுவப்பட்டால், கரைசலோடு அவையும் வெளியே போய்விடும். இந்த வட்டாரத்தின் வெப்பத்தில் உள்ளே போன கரைசல் நாற்பது நாள் தங்கினால் நிம்மதி. கழிவு, கஞ்சி, சேர்க்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்றால், நாற்பது நாளுக்கு 200 லிட்டர். இரண்டில் பெரியது 250. விருந்தாளி வரும் நாளையும் பண்டிகையையும் எண்ணி இரட்டிப்பாக்கினால் 500 லிட்டர். சமையல் கழிவு மட்டும் போடும் ஐந்து பேர் வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை. பெரிய தொட்டி தீங்கு செய்யாது, ஆனால் கூடுதல் வாயுவும் தராது. பெரிய பானை வாங்கியதால் உலையில் அரிசி கூடுவதில்லை.

அந்த இரட்டிப்பு ஏன் வேண்டும் என்பதைப் புளிப்பு விளக்கும். தொட்டிக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் சோற்றை அமிலமாக்குகிறது. இட்லி மாவு ஓர் இரவில் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்குகிறது. அது பெருக நாட்கணக்கில் ஆகும். தீனி அளவோடு இருந்தால் முன்னது உண்டாக்கும் அமிலத்தைப் பின்னது தீர்த்துவிடும். ஒரே நாளில் ஐந்து கிலோ சோறு விழுந்தால் அமிலம் குவியும், குவிந்த அமிலம் இரண்டாவது கூட்டத்தை முடக்கும், முடங்கியதால் அமிலம் இன்னும் குவியும். பொங்கல் சமயத்தில் மிஞ்சிய பொங்கலையும் சோற்றையும் அளவில்லாமல் தின்ற மாடு வயிறு உப்பிப் படுத்துவிடுவதைக் கிராமத்தில் அறிவார்கள். மாட்டின் முதல் இரைப்பையில் நடப்பதும் தொட்டியில் நடப்பதும் ஒரே வகை நோய். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரால் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே மந்தமாக இருக்கும், வீட்டில் சோறு மிஞ்சுவதும் அப்போதுதான் அதிகம். இரண்டும் சேர்வதால் அந்தப் பருவத்தில்தான் கவனம் வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. வெளியே வரும் கரைசலில் சாணக் குழியின் வாடை போய், புளித்த காடியின் வாடை வரும். மேல்மூடி உயரும், ஆனால் அடுப்பு பற்றாது. ஏனென்றால் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. பிஎச் தாளை அதில் நனைத்தால் 6.5க்குக் கீழே காட்டும். அப்போது செய்யக்கூடிய தவறு, வாயு குறைந்துவிட்டதே என்று இன்னும் தீனி போடுவது. செய்ய வேண்டியது பட்டினி போடுவது. ஒரு வாரம் பத்து நாள் எதுவும் போடாமல், புதுச் சாணக் கரைசல் இரண்டு வாளி மட்டும் ஊற்றிக் காத்திருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். தொடக்கத்திலும் இதே பொறுமை வேண்டும். சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்துத் தொட்டியில் பாதியை நிரப்பி, மீதிக்குத் தண்ணீர் விட்டு, மூன்று வாரம் விட வேண்டும். பிறகு நாளொன்றுக்கு நூறு கிராம் கழிவில் தொடங்கி, சுடர் நிலையாக நின்றால் மட்டும் வாரத்துக்கு வாரம் கூட்ட வேண்டும். எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார் ஆகியவை செரிக்காமல் இடத்தை அடைக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெயும், பாத்திரம் கழுவிய சோப்பு நீரும், பினாயிலும் நுண்ணுயிர்களைக் கொல்லும்.

வாயுவைப் பிடித்து வைக்கும் மூடியும் அளந்து செய்ய வேண்டியதே. பெரிய தொட்டிக்குள் சிறிய தொட்டியைக் கவிழ்த்து மிதக்கவிடுவதுதான் எளிய அமைப்பு. காலையிலும் மாலையிலும் அடுப்பு எரிந்தால், ஒரு நாள் வாயு முழுவதையும் பிடிக்கும் 150 முதல் 200 லிட்டர் இடம் தாராளம். இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி சிறியதாக இருக்க வேண்டும். அங்கே குமிழியிடும் வாயு எல்லாம் காற்றோடு போகிறது. வெளித்தொட்டியின் விட்டம் ஒரு மீட்டர், உள்தொட்டி 90 சென்டிமீட்டர் என்றால், இடைவெளி கண்ணுக்கு ஐந்து சென்டிமீட்டர்தான், பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. போவது காசு மட்டுமல்ல. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதானால் இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவது நல்லது. வளைய இடைவெளியில் கொசு முட்டையிடாமல் வலைத்துணியும் கட்ட வேண்டும்.

மூடியின் கனம்தான் வாயுவின் அழுத்தம். பதினைந்து கிலோ பிளாஸ்டிக் மூடி 0.6 சதுர மீட்டர் பரப்பில் உட்கார்ந்தால், இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கான அழுத்தமே உண்டாகும். எல்பிஜி அடுப்புக்கு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 சென்டிமீட்டர். மூடிமேல் சமமாகப் பரப்பி முப்பது கிலோ செங்கல் வைத்தால் ஏழரை வரை வரும், அதற்கு மேல் ஆசைப்பட்டால் மூடி சாய்ந்து ஓரத்தில் வாயு தப்பும். அழுத்தமும் குறைவு, சூட்டுச்சத்தும் குறைவு என்பதால் எல்பிஜி அடுப்பின் ஊசித்துளை இதற்குப் போதாது. பயோகேஸுக்கென்றே செய்த அடுப்பு வேண்டும். சுடர் நீலமாகத் துளையோடு ஒட்டி நிற்க வேண்டும். துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வாயு ஈரத்தோடு வருவதால், குழாயைச் சரிவாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு வைப்பது தவிர்க்க முடியாதது.

"இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். தொட்டி வெடித்துச் சிதறாது என்பது உண்மைதான். ஆபத்து அழுத்தத்தில் இல்லை, கலப்பில் இருக்கிறது. காற்றில் மீத்தேன் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு இருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் முதலில் சேரும் ஒன்றிரண்டு மூடி வாயுவை, அதில் காற்று கலந்திருக்கும் என்பதால், பக்கத்தில் நெருப்பில்லாமல் வெளியில் திறந்துவிட வேண்டும். சுடர் வருகிறதா என்று தொட்டியின் குழாய் வாயிலேயே தீக்குச்சி காட்டிப் பார்க்கக் கூடாது, சோதனை அடுப்பில்தான். அடுப்பு திறந்திருக்கும்போது மூடியைக் கையால் தூக்கினால் காற்று உள்ளே இழுக்கப்படும், அதுவும் ஆபத்துதான். தீ பின்னோக்கிப் போகாமல் குழாயில் பித்தளை வலைச் சுருள் வைப்பதும், மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி பார்ப்பதும் செலவில்லாத காவல்கள்.

கசிந்த வாயு எங்கே போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். பயோகேஸ் காற்றைவிடச் சற்று இலேசு, மேலே ஏறும். ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடுக்கு வழியாக அது போய்விடும். காங்கிரீட் தளம் போட்ட சிறிய அடுக்களையில் கூரையடியில் தங்கும். ஆகவே தளத்தை ஒட்டி ஒரு காற்றுப்போக்கி இருக்க வேண்டும். அதே அறையில் சிலிண்டரும் இருந்தால் தரைமட்டத்திலும் ஒரு வழி வேண்டும். அழுகிய முட்டை வாடை கசிவை அறிவிக்கும் நண்பன். மீன், முட்டை, இறைச்சிக் கழிவு கூடினால் அந்த வாடையைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடும். துருப்பிடித்த இரும்புச் சுருள் அடைத்த குழாய் வழியாக வாயுவை விட்டால் குறையும். ஆனால் வாடை போனால் எச்சரிக்கையும் போகிறது, நுரைச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். வாடை திடீரென்று மறைந்ததையும் நம்பக் கூடாது. செறிவு மிகுந்தால் மூக்கே மரத்துவிடும். தொட்டியைக் கழுவ யாரும் தலையையோ உடலையோ உள்ளே நுழைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். மேலிருந்து தண்ணீர் பாய்ச்சி, நீண்ட கம்பால் கலக்கி வெளியேற்ற வேண்டும். மிஞ்சிய வாயுவைப் பழைய எல்பிஜி சிலிண்டரில் அடைக்கும் யோசனையும் அவ்வப்போது எழுகிறது. நம் ஊர் வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. அந்தச் சிலிண்டரோ திரவமாகும் வாயுவுக்கென்று செய்தது. இதை வீட்டில் முயல்வது உயிரோடு விளையாடுவது.

நியாயமான ஆட்சேபம் ஒன்று பாக்கி. எட்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர்தான் மிச்சம் என்றால், இந்தப் பாடு எதற்கு? மாடு இல்லாத, குப்பை எரு தேவைப்படாத வீட்டுக்கு இந்தக் கேள்வி சரியானதே. அந்த வீட்டில் எருக்குழி வெட்டிக் கழிவைப் போடுவது எளிது. ஆனால் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு மாடாவது கட்டியிருக்கும் வீடுகள் ஏராளம், அங்கே கணக்கே மாறுகிறது. "கஞ்சியும் கழுநீரும் மாட்டுக்குப் போகட்டுமே" என்பார்கள். போகட்டும், மாடு தின்னக்கூடியது மாட்டுக்கே, அதனால் நம் கணக்கில் குறைவது 45 கிராம்தான். பதிலுக்கு மாட்டின் சாணம் பத்து கிலோ வந்தால், அதுவே 400 லிட்டர் வாயு. அடுக்களையின் மிச்சத்தோடு சேர்ந்து நாளுக்கு 500 லிட்டரைத் தாண்டும், இரண்டு மாதத்துக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு சிலிண்டர் மிச்சமாகும். சாணம் நாள்தோறும் புது நுண்ணுயிரைக் கொண்டுவருவதால் சோற்றின் புளிப்பும் அடங்கும். பத்து கிலோ சாணம், அதற்குச் சமமான தண்ணீர், அடுக்களைக் கரைசல் ஐந்து லிட்டர்: மொத்தம் 25 லிட்டர். நாற்பது நாளுக்கு ஆயிரம் லிட்டர்.

கடைக்காரர் சொன்ன ஆயிரம் லிட்டர் இங்கேதான் பொருந்துகிறது. அது ஓர் அடுக்களையின் அளவல்ல, ஒரு மாட்டின் அளவு. மாடு இல்லாத வீட்டுக்கு 500 லிட்டரும் காலைக் காப்பியும். மாடு உள்ள வீட்டுக்கு ஆயிரம் லிட்டரும் பாதிச் சமையலுக்கு மேலும். எது உங்கள் வீடு என்பதை ஏழு நாள் வாளியை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு முன்பணம் கொடுங்கள்.